பணியேற்பிடைக்காலம்

தமிழ்நாட்டு அரசாணைகளில் மட்டும் நடமாடி, ஈழத்துக் கந்தோர்களுக்கு இன்னும் வந்து சேராத சொல் ஒன்று உண்டு. பணியேற்பிடைக்காலம் என்பது அது. முதன்முறை பார்ப்பவருக்கு நீளம் மலைப்பூட்டும். பணி, ஏற்பு, இடை, காலம் என்று நான்காகப் பிரித்து வைத்தாலோ, ஓர் அரச ஊழியரின் வாழ்வில் எவரும் பெயரிட்டுப் பார்க்காத சில நாட்கள் அதற்குள் துலக்கமாகத் தெரியும். பழைய அலுவலகத்தின் பொறுப்பைக் கொடுத்தாயிற்று, புதிய அலுவலகத்தின் பொறுப்பை இன்னும் எடுக்கவில்லை, அந்த நடுவில் கிடக்கும் நாட்கள். சாமான் கட்டவும், பிள்ளையின் பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் எடுக்கவும், பயணம் செய்யவும், போன இடத்தில் வீடு தேடவும் விதி இடம் விட்டுக் கொடுத்திருக்கும் நாட்கள்.

இந்தியாவில் 1922இல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகளே இதற்கு வரையறை தந்தன. புதிய பதவியில் சேர்வதற்கு, அல்லது குறித்த நிலையத்துக்குப் போய்வருவதற்கு, ஊழியருக்கு அனுமதிக்கப்படும் காலம் என்பது அவ்வரையறையின் சாரம். அவ்விதிகள் இக்காலத்துக்குத் தரும் ஆங்கிலப் பெயரில் சேர்தலும் காலமும் மட்டுமே உண்டு. இடை என்ற உறுப்பு அதில் இல்லை. அது தமிழாக்கியோர் தாமாகக் கண்டு சேர்த்தது. ஆட்சிமொழிக்குச் சொல் ஆக்கியவர்களில் யாரோ ஒருவர், சேர்கின்ற காலம் என்று மொழிபெயர்த்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல், சேர்வதற்கு முன்னும் விட்டதற்குப் பின்னுமாகக் கிடக்கும் வெளியைப் பார்த்திருக்கிறார்.

முதல் உறுப்பான பணியிலிருந்து தொடங்குவோம். பணிதல் தாழ்தல், வணங்குதல். பணிந்தான் என்றால் தானே தாழ்ந்தான். பணித்தான் என்றால் பிறரை ஒன்று செய்யுமாறு ஏவினான். தன்வினை பிறவினை வேறுபாடு ஒரு மெய்யெழுத்தில் நின்றுவிடுகிறது, பொருளோ கட்டளை இடுபவருக்கும் கட்டளைக்கு இணங்குபவருக்கும் இடைப்பட்ட தூரம் முழுவதையும் கடந்துவிடுகிறது. இலங்கையில் ஒரு திணைக்களத்தின் தலைவரைப் பணிப்பாளர் என்கிறோம், அவர் கீழ் வேலை செய்பவரைப் பணியாளர் என்கிறோம். ஒரே வேர் மேலே ஒருவரையும் கீழே ஒருவரையும் பெற்றிருக்கிறது. இடமாற்றக் கடிதத்தில் ஒப்பமிடுகிறவர் பணிப்பாளர், அதைக் கையில் வாங்குகிறவர் பணியாளர்.

ஆனால் எங்கள் பக்கத்தில், தீவகத்தின் எந்த அலுவலகத்துக்குப் போனாலும், வேலையைப் பொறுப்பெடுப்பதற்குப் பணியேற்பு என்ற சொல் அவ்வளவாகக் காதில் விழாது. கடமையேற்றல் என்பதே வழக்கு. கடமையேற்புக் கடிதம், பதில் கடமை, கடமை நேரம் என்று எல்லாம் கடமை. இந்தச் சொல்லும் ஆராயத் தக்கது. சோழர் கல்வெட்டுகளில் கடமை என்பது நிலத்தின் மேல் அரசுக்குச் செலுத்த வேண்டிய வரி. கடன் என்னும் சொல்லோடு உடன்பிறந்தது அது. குடி அரசுக்குத் தீர்க்க வேண்டியது எதுவோ அது கடமை. காலம் போகப் போக நெல்லும் காசும் கழன்று, தீர்க்கப்பட வேண்டியது என்ற கருத்து மட்டும் மிஞ்சியது. இன்று அரசின் ஊழியர் அரசுக்குச் செலுத்துவது தம் உழைப்பையும் நேரத்தையும். பணி என்றால் தாழ்ந்து செய்வது, கடமை என்றால் தீர்த்தே ஆகவேண்டியது. இரண்டு கரைகளும் வேறு வேறு வாசலால் உள்ளே போய் ஒரே கூடத்தில் நிற்கின்றன.

இப்படி இரு கரைகளும் பிரிந்த இடங்கள் பல. அரசின் பிரிவைத் தமிழ்நாடு துறை என்றது, இலங்கை திணைக்களம் என்றது. அகமும் புறமும் கற்றவர்களுக்குத் திணையும் துறையும் ஒரே பொருளிலக்கணத்தின் இரண்டு உறுப்புகள். ஒன்றை அந்தக் கரையும் மற்றதை இந்தக் கரையும் எடுத்துக்கொண்டன என்று எண்ணும்போது உள்ளம் பூரிக்காமல் இருக்க முடியவில்லை. துறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டோமே என்று வருந்தவும் வேண்டாம், நீரில் இறங்கும் இடம் என்ற அதன் முதற்பொருளை நாங்கள் ஊர்ப் பெயரிலேயே வைத்திருக்கிறோம். ஊர்காவற்றுறை ஊர், காவல், துறை என்று பிரியும். போர்த்துக்கீசர் அதையே யானைத்துறை என்ற பொருளில் தம் மொழியில் அழைத்தார்கள், யானைகளை அங்கிருந்து கப்பலேற்றியதால். அவர்களுடைய சொல்லில் துறையைக் குறிக்கும் பகுதி மட்டும் தேய்ந்து கயிற்ஸ் என்று இன்றும் பேச்சில் நிற்கிறது. பின்னால் வந்த ஒல்லாந்தர் நெடுந்தீவுக்குத் தங்கள் ஊரான டெல்ஃப்டின் பெயரைச் சூட்டினார்கள். அவர்கள் விட்டுப்போனவற்றில் நாம் நாள்தோறும் புழங்குவது அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோர். ஒல்லாந்தச் சொல்லின் ஒலியைத் தமிழ் நாவுக்கு ஏற்ப மெல்லினத்தோடு இணக்கி எங்கள் பெரியவர்கள் ஆக்கிக்கொண்ட சொல் அது. கந்தோருக்குப் போகிறவர் என்றால் அரச உத்தியோகத்தர் என்று தீவகத்தில் எவருக்கும் விளங்கும்.

இனி இரண்டாம் உறுப்பு, ஏற்பு. இந்தச் சொல்லில் என் நெஞ்சைக் கவர்ந்த பகுதி இதுதான். ஏல் என்பது வேர். ஏல், ஏற்றான், ஏற்பான், ஏற்பு. கையேந்தி வாங்குதல் அதன் பழம்பொருள். கொடுப்பவர் கை மேலேயும் ஏற்பவர் கை கீழேயும் இருக்கும். அதனால் இரத்தலுக்கும் ஏற்றல் என்றார்கள். கொடுத்ததை வாங்கிக்கொள்ளுதல், உடன்படுதல், எதிர்கொள்ளுதல், தகுதியாதல் என்று பொருள் விரிந்தது. சட்டை உடம்புக்கு ஏற்றது, சோறு வயிற்றுக்கு ஏற்கவில்லை என்கிறோம். ஏறு என்ற வேறொரு வேரோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, ஏலத்தோடும் கூடாது. விலை கூறி விற்கும் ஏலம் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது, ஒலியால் மட்டும் அண்டை வீட்டுக்காரன்.

இதே வேர் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை வாயில் வருகிறது, ஆனால் அதை நாம் கவனிப்பதில்லை. ஏலும், ஏலாது. தமிழ்நாட்டார் முடியும், முடியாது என்னும் இடத்தில் எங்களுக்கு ஏலும், ஏலாது. இயலும் என்பது மருவி ஏலும் ஆயிற்று என்பாரும் உளர். அதற்கும் இடமுண்டு. ஆனால் ஏல் என்னும் வினைக்கே பொருந்துதல், கூடுதல் என்ற பொருள்கள் இருக்க, வெளியே போய்த் தேட வேண்டியதில்லை என்பது என் துணிபு. பொருந்தினால் ஏலும், பொருந்தாவிட்டால் ஏலாது. குறிகட்டுவான் இறங்குதுறையில் சோளகக் காற்று இரைந்துகொண்டிருக்கும் ஒரு காலையில், “இண்டைக்கு நெடுந்தீவுக்குப் போக ஏலாது அண்ணை, நாளைக்குப் பாப்பம்” என்று ஒருவர் சொல்லும்போது, கடமையேற்பில் உள்ள ஏல் வேர்தான் எதிர்மறை பூண்டு வருகிறது. ஏற்கப் போகிறவருக்கு ஏலாமற் போகும் நாட்கள் தீவில் உண்டு. அந்த நாட்கள் யார் கணக்கு என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகத்தில் இருந்து நெடுந்தீவுப் பிரதேச செயலகத்துக்கு ஒருவருக்கு மாற்றம் வந்ததாக வைத்துக்கொள்வோம். நாட்டின் வரைபடத்தில் இரண்டும் ஒரு விரல் நகத்துக்குள் அடங்கும், ஒரே மாவட்டம். ஆனால் அவர் வேலணை, வங்களாவடி வழியாகத் தாம்போதி கடந்து புங்குடுதீவுக்குப் போய், அதன் மேற்கு முனையில் குறிகட்டுவானில் படகேறி, ஒரு மணித்தியாலம் அளவு கடலில் போக வேண்டும். கடலை மறித்துப் போட்ட வீதிக்குத் தாம்போதி என்று பெயர் வைத்திருக்கும் ஊர் எங்களூர்; தாம்போதி முடியுமிடத்தில் வீதியின் கணக்கு முடிந்து காற்றின் கணக்கு தொடங்கும். நயினாதீவுக்குப் போகிறவருக்கும் அதே இறங்குதுறைதான், கடல் மட்டும் குறுகியது. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையில் இருந்தே படகு. ஆள் மட்டும் போவதென்றால் ஒரு பையோடு ஏறிவிடலாம். குடும்பத்தோடு போவதென்றால் கட்டில், அடுப்பு, எரிவாயுச் சிலிண்டர், பிள்ளையின் மேசை எல்லாம் லொறியில் ஏறி, துறையில் இறங்கி, வள்ளத்தில் ஏறி, மறுகரையில் மீண்டும் இறங்கி இன்னொரு வண்டியில் ஏற வேண்டும். கிலோமீற்றரை மட்டும் எண்ணுகிறவருக்கு இவையெல்லாம் கண்ணில் படா.

ஆகவே அவர் ஒரு கடிதம் எழுதுவார். அக்கடிதத்தில் எப்போதும் வரும் சொல் அவகாசம். கடமையேற்பதற்குச் சில நாள் கால அவகாசம் தந்துதவுமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். வடமொழியில் அவகாசம் வெற்றிடம், திறந்த வெளி. இந்திய மொழிகளில் அது பரவிப் போன விதம் வியப்பானது: இந்தி அலுவல் மொழியில் விடுமுறை ஆயிற்று, தெலுங்கில் வாய்ப்பு ஆயிற்று, மலையாளத்தில் உரிமை ஆயிற்று. தமிழில் காலத்தோடு ஒட்டிக்கொண்டு தவணை போன்ற ஒன்றாய் நின்றுவிட்டது. மலையாளி அவகாசம் என்று எழுதினால் அது தன் உரிமையைக் கேட்பது. தமிழர் அவகாசம் என்று எழுதினால் பிறர் தயவில் கிடைக்கும் வெளியைக் கேட்பது. நம் கடிதத்தில் அதற்குப் பின்னால் தந்துதவுமாறு என்ற சொல் தானாக வந்து நிற்பதற்குக் காரணம் இதுவே என்று நினைக்கிறேன்.

அவகாசம் என்று எழுதாதவர் லீவு என்று எழுதுவார். இது இன்னும் நட்டம். லீவு அவர் சேமித்து வைத்த சொந்த நாள். அரசு தன் தேவைக்காக அவரை மாற்றியிருக்க, போகும் வழியின் நாட்களை அவர் தம் கையிருப்பிலிருந்து கொடுப்பதாகிவிடும். தமிழ்நாட்டில் லீவுக்கு விடுப்பு என்பார்கள், ஆனால் அது எங்களுக்கு உதவாது. யாழ்ப்பாணத்தில் விடுப்பு என்றால் அடுத்தவர் வீட்டுச் சங்கதியை அறியும் ஆவல். “என்ன விடுப்புக் கேக்கிறாய்” என்று அதட்டினால் வாயை மூடிக்கொள் என்று பொருள். ஆனாலும் விடு என்னும் அந்த வேர் இடமாற்றக் கோவை முழுவதிலும் கிடக்கிறது. விடுவிப்புக் கடிதம், விடைபெறுதல், போய்த் தங்கும் விடுதி, தேட வேண்டிய வீடு, எல்லாம் அதன் மக்கள். பழைய இடம் அவரை விடுவதும் புதிய இடத்தில் அவர் வீடு காண்பதும் ஒரே வேரின் இரண்டு முனைகள்.

இரண்டு முனைக்கும் நடுவே இருப்பது மூன்றாம் உறுப்பு, இடை. உடம்பில் நடுப்பகுதிக்கு இடை, இரண்டுக்கும் நடுவிலுள்ள வெளிக்கு இடை, இடத்துக்கே இடை. ஏழாம் வேற்றுமை உருபாகவும் அது வரும். வாசலுக்கும் முற்றத்துக்கும் நடுவே உள்ள நடை இடைகழி. பேச்சில் தேய்ந்து தேய்ந்து அது ரேழி ஆனது. நடுவில் வந்துறும் தடை இடையூறு. இவற்றிலெல்லாம் பொதுவாக ஒன்றைக் காணலாம்: இடை என்பது இல்லாமை அன்று. இடைகழி வீட்டின் ஒரு பகுதி, அதற்கும் கூரை உண்டு. இடையில் நிற்பவர் வெளியே நிற்பவர் அல்லர். பணியேற்பிடைக்காலம் என்று அமைத்தவர் அந்த நாட்களைச் சேவைக்குள் வைத்துவிட்டார். காலம் தென்சொல்லா வடசொல்லா என்ற பழைய வழக்கை இங்கே விரிக்கவில்லை. இடையின் பின்னே வந்து நின்றபின் அது எந்தக் கரையதாயினும் நம் சொல்தான்.

பெயர் சொல்வதை விதி எப்படி நிறைவேற்றுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்திய நடுவண் அரசு ஊழியருக்கு 1979ஆம் ஆண்டின் பணியேற்பிடைக்கால விதிகள் உள்ளன. பொதுநலன் கருதிய மாற்றத்தில், வீடு மாற வேண்டியிருந்தால், தூரம் 1000 கிலோமீற்றர் வரை 10 நாள், 2000 வரை 12 நாள், அதற்கு மேல் 15 நாள். ஊரும் வீடும் மாறாவிட்டால் ஒரு நாள். இந்த நாட்கள் கடமை நாட்களாகவே கொள்ளப்படும், பழைய இடத்தில் வாங்கிய சம்பளமே தொடரும். ஊழியர் தாமே கேட்டு வாங்கிய மாற்றத்துக்கு இது கிடையாது. 180 நாளுக்கு மேற்படாத தற்காலிக மாற்றத்துக்கும் பயண நாள் அளவே கிடைக்கும்.

எமக்கு எதிர்க்கரையில் இருக்கும் தீவையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் நடுவண் அரசு ஊழியர் ஒருவருக்கு இராமேசுவரத்துக்கு மாற்றம். தூரம் 1000 கிலோமீற்றருக்குள், ஆகவே 10 நாள். அவர் வெள்ளிக்கிழமை பிற்பகல் பொறுப்பை ஒப்படைக்கிறார். பிற்பகல் என்பதால் எண்ணிக்கை மறுநாள் சனிக்கிழமை தொடங்கும். முற்பகலில் ஒப்படைத்திருந்தால் அந்த வெள்ளியே முதல் நாளாகி, ஒரு நாள் போயிருக்கும். பகல் என்னும் சொல்லே பகுத்தல் என்ற வேரினது. நாளைப் பகுக்கும் அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் கையொப்பம் விழுகிறது என்பதில் ஒரு முழு நாள் தங்கியிருக்கிறது. சனியிலிருந்து எண்ணினால் பத்தாம் நாள் அடுத்த வாரம் கழிந்த திங்கள். செவ்வாய் முற்பகலில் அவர் போய்ச் சேரலாம். பத்தாம் நாளை ஒட்டி ஒரு விடுமுறை வந்தால் அதுவும் சேர்ந்து நீளும். அவசரம் என்று மேலிடம் சொல்லி, அவர் முதல் வாரப் புதன்கிழமை முற்பகலிலேயே பொறுப்பேற்றால், சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று நான்கு நாட்களே செலவானவை. எஞ்சிய ஆறும் அவருடைய ஈட்டிய விடுப்புக் கணக்கில் வரவாகும். இதற்கும் தமிழ்நாட்டு ஆணைகளில் அழகான பெயர் இருக்கிறது: துய்க்காத பணியேற்பிடைக்காலம். துய்த்தல் உண்ணல், நுகர்தல், பட்டறிதல். இலக்கியத்தில் இன்பத்தைத் துய்ப்பார்கள். அரசாணையில் எழுத்தர் தம் இடைநாட்களைத் துய்க்கிறார். துய்க்காமல் விட்டதும் தொலைந்து போவதில்லை, ஏனென்றால் அது அவருடையது.

கிலோமீற்றரை வைத்து எண்ணும் இம்முறைக்கு முன்பு வேறு முறை இருந்தது. ஆயத்தத்துக்கு ஆறு நாள், அதன் மேல் வழிநாட்கள். வழிநாளை ரயிலுக்கு ஒரு கணக்கு, கடற்கப்பலுக்கு ஒரு கணக்கு, ஆற்றுக் கப்பலுக்கு ஒரு கணக்கு என்று ஊர்தி பார்த்துத் தனித்தனியே எண்ணினார்கள். தீவாருக்கு அந்தப் பழைய கணக்கே ஏற்றது என்று சொல்வேன். அதில் நீருக்குத் தனி வரி இருந்தது. தூரத்தை மட்டும் பார்க்கும் விதியில் ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் நடுவே கடல் இருப்பது தெரியாது, கச்சானும் சோளகமும் வாடையும் தெரியா. கடமையேற்பு நாள் திங்கள் என்று கடிதம் சொல்ல, திங்கள் படகு ஓடாவிட்டால், துறையில் நின்றவர் சமுகமளிக்காதவராகப் பதியப்படுவார். பழைய அலுவலகம் விடுவித்துவிட்டது, புதிய அலுவலகம் இன்னும் வரவு வைக்கவில்லை. அந்த ஒரு நாள் சம்பளப் பதிவேட்டில் இரண்டு பக்கமும் இல்லாமல் போய், பின்னர் லீவாக எழுதி அடைக்கப்படும். கோவையைப் புரட்டிப் பார்ப்பவர் இத்தவறை எளிதில் கண்டுகொள்ளலாம்: விடுவிப்புத் திகதியும் கடமையேற்புத் திகதியும் அடுத்தடுத்து வராமல் நடுவே நாள் கிடந்து, அதற்கு ஒரு பெயரும் எழுதப்படாமல் இருந்தால், பிழை அங்கேதான் இருக்கிறது.

பெயர் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பணியேற்பிடைக்காலம் என்பதை அப்படியே வாங்கினால் பணியா கடமையா என்ற பிணக்கு எழும். கடமையேற்பிடைக்காலம் என்றால் நா தளரும். முதல் உறுப்பைக் கழற்றிவிடலாம். ஏற்பிடைக்காலம் என்றால் போதும். எதை ஏற்பது என்பது கடிதத்தைப் பார்த்தாலே விளங்கும், எங்களுடைய ஏலும் என்ற சொல்லும் அதற்குள் தலைகாட்டும், இரு கரையாரும் எழுதலாம். எட்டு எழுத்தில் அவகாசத்தின் தயவும் இல்லை, லீவின் நட்டமும் இல்லை.

மாற்றம் என்பதற்குப் பழந்தமிழில் சொல் என்றும் மறுமொழி என்றும் பொருள் இருந்தது. இடமாற்றக் கடிதம் ஒன்று உங்கள் கைக்கு வரும்போது, அதற்கு நீங்கள் எழுதும் மறுமொழியின் தலைப்பில் ஏற்பிடைக்காலம் கோரல் என்று எழுதுங்கள். விடுவிக்கப்பட்டது முற்பகலா பிற்பகலா என்பதையும், வழியில் எத்தனை இடத்தில் சாமான் ஏறி இறங்க வேண்டும் என்பதையும், எந்தத் துறையில் எந்த நாளில் படகு ஓடுகிறது என்பதையும், தந்துதவுமாறு என்ற சொல் இல்லாமல், நான்கு வரியில் சொல்லுங்கள்.